ஆட்டோ டெபிட்டை நிறுத்தினா போதுமா, இல்ல பாலிசியவே சரண்டர் பண்ணிடணுமா?

ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். 2019 டிசம்பர்ல ஒரு எண்டோமென்ட் பாலிசி போட்டேன், சொந்தக்காரர் ஒருத்தர்தான் ஏஜென்ட். 20 வருஷ பாலிசி, சம் அஷ்யூர்ட் 5 லட்சம், பிரீமியம் வருஷத்துக்கு 25,000, வரி தனி. ஆறு பிரீமியம் போயிடுச்சு, எல்லாமே பேங்க்ல ஆட்டோ டெபிட். அடுத்த மாசம் டிசம்பர்ல ஏழாவது எடுப்பாங்க. வீட்டு லோன் ஒரு பக்கம், பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் ஒரு பக்கம்னு இருக்கறதால இத நிறுத்திடலாம்னு நெனைக்கிறேன்.

ஆபீஸ்ல ஒருத்தர் பேங்க் ஆப்ல போய் மேன்டேட்ட கேன்சல் பண்ணு, அவ்ளோதான் வேலை முடிஞ்சுதுங்கறார். இன்னொருத்தர் அப்படி அரைகுறையா விடாத, பிராஞ்சுக்கு போய் சரண்டர் எழுதிக் குடுத்து வர்ற காச வாங்கிட்டு வாங்கறார். பிராஞ்ச்ல கேட்டேன், இன்னைக்கு சரண்டர் பண்ணா 1,04,000 வரும்னு சீட்டு குடுத்தாங்க. நான் கட்டினதே ஒன்றரை லட்சம், வயித்தெரிச்சலா இருக்கு. ஸ்டேட்மென்ட்ல போனஸ் 1,14,000னு இருக்கு, அது யாருக்கு போகும்? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமார்_பைக்

ப்ரோ சிம்பிள். மூணு வருஷம் தாண்டி கட்டியாச்சுன்னா போட்ட பணம் பத்திரம். மேன்டேட்ட கேன்சல் பண்ணிட்டு மறந்துடுங்க, மெச்சூரிட்டி அன்னிக்கு அதுவா வரும். நானும் அப்படித்தான் விட்டிருக்கேன். ஆனா அக்கவுன்ட்ல பேலன்ஸ் வைக்காம மட்டும் விடாதீங்க, பவுன்ஸ் ஆச்சுன்னா செக் பவுன்ஸ் மாதிரி கேஸ் போடலாம், 2007ல வந்த சட்டம் அது.

சும்மா_வந்தேன்

எனக்கும் இதே பிரச்சனை!! ஃபேமிலி ஃப்ளோட்டர் ஆட்டோ ரினியூவல்ல இருக்கு, இந்த வருஷம் பிரீமியம் ஏகத்துக்கு ஏத்திட்டாங்க, நிறுத்திட்டு சரண்டர் பண்ணா எவ்ளோ திரும்பி வரும்? நாலு வருஷம் க்ளெய்மே பண்ணல.

பழைய_கேஷியர்

சும்மா வந்தவரே, உங்களது ஹெல்த் பாலிசி, அதுல சரண்டர்ங்கற பேச்சே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்தோட கணக்கு முடிஞ்சுது, திரும்பி எதுவும் வராது. நிறுத்தினா நஷ்டம் வேற எடத்துல இருக்கு, இந்த நாலு வருஷமா கடந்து வந்த வெயிட்டிங் பீரியட் எல்லாம் போயி புதுசா எடுக்கும்போது முதல்லேந்து ஆரம்பிக்கும். பிரீமியம்தான் பிரச்சனைன்னா ரினியூவல் தேதிக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண கேளுங்க. இத தனி இழையா போடுங்க, இங்க கலந்தா ஈரோட்டுக்காரர் கொழம்பிடுவார்.

இப்ப அவர் கேள்விக்கு வர்றேன், பேங்க் பக்கம் மட்டும் சொல்றேன், நாப்பது வருஷம் அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். மேன்டேட்ங்கறது என் அக்கவுன்ட்லேந்து இந்த கம்பெனி இவ்ளோ எடுத்துக்கலாம்னு நீங்க பேங்குக்கு குடுத்த அனுமதி, அவ்ளோதான். அதுக்கும் பாலிசி ஒப்பந்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. அனுமதிய திரும்ப வாங்கினா பணம் எடுக்கறது நிக்கும், பாலிசி அங்கயே இருக்கும், கம்பெனிக்கு நீங்க நிறுத்தப் போறீங்கன்னு கூட தெரியாது, பிரீமியம் வரலையேன்னு நோட்டீஸ் அனுப்புவாங்க. நீங்க கவுன்டர்ல போய் கட்டினாலும் வாங்கிப்பாங்க.

குமார் தம்பி சொன்ன சட்டம் இருக்கறது உண்மைதான், ஆனா அது கடன் பாக்கிக்கு, ஈஎம்ஐ மாதிரி விஷயத்துக்கு. பிரீமியம் நீங்க கம்பெனிக்கு பட்ட கடன் கிடையாது, கட்டலைன்னா பாலிசிதான் நிக்கும், யாரும் கோர்ட்டுக்கு போக மாட்டாங்க. நிஜமான செலவு வேற. மேன்டேட்ட அப்படியே விட்டுட்டு பேலன்ஸ மட்டும் காலி பண்ணி வெச்சீங்கன்னா ஒவ்வொரு தடவை கம்பெனி எடுக்க முயற்சி பண்ணும்போதும் பேங்க் ரிட்டர்ன் சார்ஜ் போடும், நூத்துக்கணக்குல. அதனால முறையா கேன்சல் பண்றதுதான் சரி. நெட் பேங்கிங்ல மேன்டேட் லிஸ்ட்ல அந்த கம்பெனி பேர் பக்கத்துல ஒரு நீள நம்பர் இருக்கும், யூஎம்ஆர்என்னு போட்டிருக்கும், அத குறிச்சு வெச்சுட்டு கேன்சல் பண்ணுங்க. டிசம்பர் தேதிக்கு மொத நாள் பண்ணாதீங்க, அதுக்குள்ள டெபிட் ஃபைல் பேங்குக்கு வந்திருக்கும், ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. யூபிஐ ஆட்டோபே தனியா போட்டிருந்தா அத அந்த ஆப்லயே போய் நிறுத்தணும், பேங்க் லிஸ்ட்ல தேடினா கெடைக்காது.

மீனாட்சி_மதுரை

குமார் சொன்னத நம்பி யாரும் எறங்கிடாதீங்க ப்ளீஸ். என் தங்கச்சி 2022 ஏப்ரல்ல மாசம் 2,000 கட்ற பாலிசி ஒண்ணு எடுத்தா. 22 மாசம் கட்டினா, வேலை போச்சு, ஆட்டோபேய நிறுத்திட்டா. இப்ப போய் கேட்டா பாலிசி லேப்ஸ், ஒரு பைசா கெடையாதுங்கறாங்க. 44,000 போச்சு. யாருமே அப்ப சொல்லல.

வட்டிக்கணக்கு

மீனாட்சி அக்கா, உங்க தங்கச்சி கேஸ்தான் இதுல ரொம்ப முக்கியமானது, மத்தவங்களுக்கும் உதவும்னு கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பிரீமியம் நின்னதும் கிரேஸ் பீரியட் ஓடும், வருஷம், அரையாண்டு, காலாண்டுன்னா 30 நாள், மாசாமாசம்னா 15 நாள். அதுக்குள்ள ஆளுக்கு ஏதாவது ஆனா முழு கவர் உண்டு, பாக்கி பிரீமியத்த கழிச்சுட்டு குடுப்பாங்க. கிரேஸ் தாண்டினப்புறம் பாலிசி ரெண்டு வழியில ஒண்ணுல போகும். எத்தன முழு வருஷ பிரீமியம் கட்டியிருக்கோம்ங்கறதுதான் அத தீர்மானிக்கும். குறைஞ்சபட்ச வருஷம் கட்டியிருந்தா பெய்டு-அப் ஆகும், அதாவது மேல கட்டாமலே சுருங்கின தொகையோட பாலிசி ஓடும், கட்டலைன்னா லேப்ஸ், கைக்கு ஒண்ணும் இல்ல. அந்த குறைஞ்சபட்சம் எல்லா பாலிசிக்கும் ஒண்ணு இல்ல. 2020க்கு முன்னாடி டிசைன் பண்ணி வித்த பத்து வருஷத்துக்கு மேல கட்ற பாலிசிகள்ல பொதுவா மூணு வருஷம். அதுக்கப்புறம் வந்ததுல ரெண்டு வருஷம். 2024 அக்டோபர் 1லேந்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட புது விதிப்படி விக்கறதுல ஒரு வருஷ பிரீமியம் முழுசா கட்டினாலே சரண்டர் மதிப்பு வந்துடும், ஆனா இது பழைய பாலிசிக்கு பின்னால போய் பொருந்தாது. பழசுக்கு உங்க பாண்ட்ல என்ன அச்சடிச்சிருக்கோ அதுதான் சட்டம்.

உங்க தங்கச்சி ரெண்டு வருஷ ரகம். 22 மாசத்துல நிறுத்தினா பூஜ்யம், இன்னும் ரெண்டு மாசம் 4,000 கட்டிட்டு 24வது மாசம் நிறுத்தியிருந்தா குறைஞ்சது கட்டினதுல 30 சதவீதம், அதாவது 48,000ல 14,400 உத்தரவாதமா நின்னிருக்கும். நாலாயிரத்துக்கு பதினாலாயிரம். நிறுத்தறதுக்கு முன்னாடி பாண்ட எடுத்து அந்த ஒரு பாராவ மட்டும் படிச்சா போதும். இன்னும் கதவு மூடல அக்கா, கட்டாத முதல் தேதியிலேந்து 5 வருஷத்துக்குள்ள உயிர்ப்பிச்சுக்கலாம். ஆனா பாக்கி எல்லாத்தையும் வட்டியோட ஒரே மூச்சுல கட்டணும், அவங்க சூழ்நிலைக்கு அது லாபமான்னு தனியா பாக்கணும்.

ஈரோட்டுக்காரர் ஆறு வருஷம் கட்டியாச்சு, அதனால அவருக்கு லேப்ஸ் பயம் இல்ல. அவர் கணக்க சாயந்திரம் உக்காந்து போடறேன்.

அண்ணாச்சி_நெல்லை

நான் ஏஜென்டுதான், மறைக்கல. தம்பி, ஆறு வருஷம் ஓடி வந்துட்டு இப்ப ஏன் எறங்குறிய? முதல் வருஷங்கள்லதான் செலவு எல்லாம் பிடிப்பாங்க, அத நீங்க ஏற்கனவே குடுத்தாச்சு, பழம் வர்ற நேரத்துல மரத்த வெட்டுற கதையா இருக்கு. பிள்ளைங்க இருக்கு, கவர் வேணாமா? கஷ்டம்னா பாலிசி மேல லோன் வாங்கி இந்த பிரீமியத்த கட்டலாமே.

குமார்_பைக்

அண்ணாச்சிக்கு ரினியூவல் கமிஷன் போயிடும்ல 😄

வட்டிக்கணக்கு

குமார், அண்ணாச்சி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, கணக்கு போட்டா தெரியும். பொறுமையா படிங்க.

மேன்டேட்ட நிறுத்தி அப்படியே விட்டா பாலிசி பெய்டு-அப் ஆகும். கட்ட வேண்டியது 20 பிரீமியம், கட்டினது 6, அதனால 5 லட்சம் சம் அஷ்யூர்ட் 20ல 6 பங்கா சுருங்கும், அதாவது 1,50,000. இதுவரைக்கும் சேந்த போனஸ் 1,14,000 உங்களுதுதான், அது எங்கயும் போகாது, ஆனா இனிமே புது போனஸ் சேராது. ஆக 2,64,000. இது 2039 டிசம்பர்ல வரும், நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்கு அப்பவே வரும். இன்னைக்கு இருக்கற 5 லட்சம் ப்ளஸ் போனஸ் கவர் இந்த 2.64க்கு எறங்கிடும்ங்கறத மனசுல வெச்சுக்கோங்க. ஆக்சிடென்ட் ரைடர் போட்டிருந்தா அதுவும் நின்னுடும்.

சரண்டர் பண்ணா இன்னைக்கே 1,04,000, அதோட உறவு முடிஞ்சுது. ஒன்றரை லட்சம் கட்டி 1.04 வாங்கறதுன்னு பாத்தா வயிறு எரியத்தான் செய்யும், ஆனா கட்டினது கட்டினதுதான், அத வெச்சு இன்னைக்கு முடிவெடுக்க முடியாது. இன்னைக்கு உங்க கையில இருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த 1,04,000ஐ வெளிய எடுத்து 14 வருஷத்துல 2,64,000 ஆக்க முடியுமா? அதுக்கு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 6.9 சதவீதம் வேணும், வரி போக கையில. உங்க பிரீமியம் சம் அஷ்யூர்ட்ல 5 சதவீதம்தான், 10 சதவீத வரம்புக்குள்ள இருக்கறதால பாலிசி பணத்துக்கு வரி இல்ல, சரண்டர் பண்ணாலும் சரி, 2039ல வாங்கினாலும் சரி.

பேங்க் எஃப்டில 6.5 சதவீதம்னு வெச்சு 20 சதவீத வரி கட்றவரா இருந்தா கையில நிக்கறது 5.2, அந்த 1.04 லட்சம் 14 வருஷத்துல 2.11 லட்சம் ஆகும். பெய்டு-அப்ப விட அரை லட்சம் கம்மி. பிபிஎஃப்ல இப்ப இருக்கற 7.1 அப்படியே நீடிச்சா 2.72 லட்சம், கொஞ்சூண்டு அதிகம், ஆனா அந்த வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாறலாம், பெய்டு-அப் தொகை மாறாது. ஆக சரண்டர் பண்ணி எஃப்டில போடறவங்களுக்கு அது தெளிவான நஷ்டம். வட்டி அதிகமா ஓடுற கடன் ஏதாவது இருந்து அத அடைக்கறதுக்குன்னா சரண்டர் லாபம். பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி மாதிரி.

மூணாவது வழி, யாரும் கேக்காதது: தொடர்ந்து கட்டறது. இந்த போனஸ் வேகமே, வருஷம் 19,000, கடைசி வரைக்கும் இருந்தா 2039ல 8,80,000 வரும். பெய்டு-அப்ப விட 6,16,000 கூட. அதுக்காக நீங்க இனிமே கட்டறது 14 தடவ 25,000, அதாவது 3,50,000. இந்த இனிமே கட்ற பணத்துக்கு மட்டும் கணக்கு போட்டா கிட்டத்தட்ட 7.25 சதவீதம் வருது, வரி இல்லாம. 2019லேந்து மொத்தமா பாத்தா அதே பாலிசி 5 சதவீதத்த ஒட்டித்தான் நிக்கும். ஏன்னா மோசமான வருஷங்கள் முன்னாடி போயிடுச்சு. அண்ணாச்சி சொன்னதுல இதுதான் நியாயமான பாதி. 2025 செப்டம்பர் 22லேந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல, அதனால 25,000ன்னா 25,000தான்.

லோன் வாங்கி பிரீமியம் கட்றதுங்கற மீதிப் பாதிய நான் ஏத்துக்கல. 7.25 கெடைக்கறதுக்கு 9, 10 சதவீதத்துல கடன் வாங்கறதா?

அண்ணாச்சி_நெல்லை

ஒரு வருஷம் கைய கடிச்சா தாண்டறதுக்கு சொன்னேன், 14 வருஷமும் லோன்ல கட்ட சொல்லல.

தர்க்கம்_பேசி

வட்டிக்கணக்கு சார், உங்க 7.25 முழுக்க போனஸ் இதே மாதிரி வரும்ங்கற நம்பிக்கையில நிக்குது. போனஸ் உத்தரவாதம் இல்ல, வருஷா வருஷம் கம்பெனி அறிவிக்கறது. சம் அஷ்யூர்ட்ல ஆயிரத்துக்கு 38 வர்றது 30 ஆச்சுன்னா? வட்டி விகிதம் நாட்டுல எறங்கினா போனஸும் எறங்கும்தானே. ஆனா பெய்டு-அப்புக்கு அந்த ஆபத்து இல்லங்கறத ஒத்துக்கறேன். அதனால நான் அவர் எடத்துல இருந்தா பெய்டு-அப் ஆக்கிட்டு அந்த 25,000ல ஒரு பகுதிக்கு டேர்ம் பிளான், மீதிய எஸ்ஐபில போடுவேன். 14 வருஷம் இருக்கு.

வட்டிக்கணக்கு

30க்கு எறங்கினா வருஷத்துக்கு 4,000 கம்மி, 14 வருஷத்துல 56,000. அப்பவும் 6 சதவீதத்துக்கு மேல நிக்கும். ஆனா நீங்க சொல்றது நியாயம், அது உத்தரவாதம் இல்ல. எஸ்ஐபி அதிகம் தரலாம், தராமலும் போலாம், அது ஆளோட மனசு. என் பாயின்ட் சரண்டர் பத்தி மட்டும்தான்: மூணுல அத மட்டும்தான் திருப்ப முடியாது. மேன்டேட்ட நிறுத்தினா அஞ்சு வருஷம் யோசிக்க டைம் இருக்கு, நடுவுல எப்ப வேணா போய் சரண்டரும் பண்ணலாம், மதிப்பு 2039 கிட்ட போகப் போக ஏறிக்கிட்டேதான் வரும். சரண்டர் பண்ணிட்டு மறுநாள் வந்து பாலிசி குடுன்னா முடியாது.

கோவை_கவிதா

எனக்கு யூலிப், மூணாவது வருஷம். அதுக்கும் இதே கணக்கா? ஏஜென்ட் நிறுத்திக்கலாம் மேடம் ஒண்ணும் ஆகாதுங்கறார்.

தர்க்கம்_பேசி

இல்லங்க, அது வேற ரகம், பணத்த மார்க்கெட்ல போடற பாலிசி. யூலிப்ல 5 வருஷ லாக்-இன் இருக்கு. அதுக்குள்ள நிறுத்தினாலும் சரி, சரண்டர்னு எழுதிக் குடுத்தாலும் சரி, ஒரு சார்ஜ பிடிச்சுட்டு மீதிய டிஸ்கன்டின்யூட் ஃபண்டுக்கு தள்ளிடுவாங்க, அதுல குறைஞ்சது 4 சதவீதம் வளரும், கையில வர்றது அஞ்சு வருஷம் முடிஞ்சுதான். கவரும் அன்னையோட நின்னுடும். உயிர்ப்பிக்க 3 வருஷம் டைம். மார்க்கெட் ஏறினாலும் உங்க பணம் அந்த 4லயே உக்காந்திருக்கும், அதுதான் வலி. முடிஞ்சா இன்னும் ரெண்டு பிரீமியம் கட்டிட்டு அஞ்சு வருஷம் முடிஞ்சதும் முடிவெடுங்க.

ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ தெளிவா பிராஞ்ச்ல யாரும் சொல்லல. பெய்டு-அப் ஆக்கிடலாம்னு தோணுது. ரெண்டு விஷயம் சொல்ல விட்டுட்டேன். ஒண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி இந்த பாலிசி மேலயே 40,000 லோன் வாங்கியிருக்கேன், வட்டி 10 சதவீதம், இதுவரை வட்டி மட்டும் கட்டிக்கிட்டு வர்றேன். பிராஞ்ச்ல சொன்ன 1,04,000 லோன கழிக்காத தொகை. இன்னொண்ணு, இந்த மார்ச் செக்கப்ல சுகர்னு சொன்னாங்க, மாத்திரை ஓடுது. இதெல்லாம் எதையாவது மாத்துமா?

வட்டிக்கணக்கு

ரெண்டுமே மாத்தும் நண்பா.

முதல்ல லோன். பெய்டு-அப் ஆக்கிட்டு லோன மறந்துட்டீங்கன்னு வைங்க, வட்டி அரையாண்டுக்கு ஒரு தடவ அசல்ல சேரும். 40,000 பத்து சதவீதத்துல 14 வருஷத்துல 1,56,800 ஆயிடும். 2039ல 2,64,000ன்னு நீங்க நெனச்சு போனா கையில குடுக்கறது 1,07,000. மத்தவங்களுக்கும் சொல்றேன், லோன் இதவிட பெருசா இருந்தா வட்டியோட சேந்து சரண்டர் மதிப்ப எட்டிடும், பெய்டு-அப் பாலிசிய கம்பெனியே முடிச்சு கணக்க நேர் பண்ணிக்கும், நோட்டீஸ் பழைய அட்ரஸுக்கு போய் சேந்திருக்கும். குமாரோட மறந்துடுங்கற ஃபார்முலா லோன் இருக்கற பாலிசிக்கு விஷம். பாலிசி உள்ள 6.9ல வளருது, லோன் 10ல வளருது, அதனால டிசம்பர் பிரீமியத்துக்கு ஒதுக்கின 25,000 கையில இருக்குன்னா அத முதல்ல லோன் அசலுக்கு கட்டுங்க. பகுதி பகுதியா கட்ட விடுவாங்க. மீதி 15,000ஐ அடுத்த வருஷத்துக்குள்ள முடிச்சிடுங்க.

இல்ல, அதுக்கும் வழியில்ல, வட்டி கூட கட்ட முடியாதுன்னா அப்ப சரண்டர் பேச்சு திரும்ப வரும். லோன் போக 64,000 கையில வரும்.

சுகர் விஷயம் இன்னும் கஷ்டமானது. அஞ்சு வருஷத்துக்குள்ள உயிர்ப்பிச்சுக்கலாம்னு நான் சொன்னது உண்மை, ஆனா அப்ப உடல்நல அறிவிப்பு குடுக்கணும், டெஸ்ட் கேக்கலாம், கூடுதல் பிரீமியம் போடலாம், மாட்டேன்னும் சொல்லலாம். அதனால உங்களுக்கு நிறுத்தறதும் பாதி ஒரு வழிப்பாதைதான். நீங்க குடுத்த தகவல் சரியான்னு மூணு வருஷம் வரைக்கும் கேள்வி கேக்கற உரிமையும் கம்பெனிக்கு உயிர்ப்பிச்ச தேதியிலேந்து திரும்ப ஆரம்பிக்கும், அதனால சுகர மறைச்சு எழுதிடலாம்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, க்ளெய்ம் அன்னிக்கு உங்க வீட்டம்மாதான் மாட்டுவாங்க.

தர்க்கம்_பேசி

என் டேர்ம் பிளான் யோசனையும் இப்ப கொஞ்சம் ஆட்டம் காணுது. சுகர் இருந்தாலும் கட்டுப்பாட்டுல இருந்தா பல கம்பெனில தர்றாங்க, பிரீமியம் கூட போடுவாங்க. ஆனா வரிசை முக்கியம்: டேர்ம் அப்ளிகேஷன் போட்டு, மெடிக்கல் முடிஞ்சு, பாலிசி கையில வந்தப்புறம் இத நிறுத்துங்க. மாத்தி பண்ணிடாதீங்க. டிசம்பருக்குள்ள முடியலன்னா கிரேஸ் 30 நாள் இருக்கு, அதையும் சேத்து ஜனவரி வரைக்கும் டைம்.

மீனாட்சி_மதுரை

வீட்டு லோன் வேற இருக்குன்னு சொன்னாரே, அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க. என்னோட வீட்டுக்காரர் பேர்ல லோனோட சேத்து குடுத்துட்டாங்க, எங்களுக்கே தெரியாது, பாஸ்புக் பாத்துதான் கண்டுபிடிச்சோம்.

ஈரோட்டுக்காரன்

இருக்கு அக்கா, லோன் கூடவே போட்டாங்க. அது பாக்கி கடனுக்கு மட்டும்தான் வரும்னு நெனைக்கிறேன், பேப்பர பாக்கறேன்.

அண்ணாச்சி_நெல்லை

தம்பி சுகர்னு சொன்னப்புறம் நான் திரும்ப சொல்றேன், 5 லட்சம் ப்ளஸ் போனஸ் கவர் மெடிக்கல் இல்லாம உங்க கையில இருக்கு. டேர்ம் கெடைக்கற வரைக்கும் விடாதிய. வருஷ பிரீமியம் ஒரே நேரத்துல கனமா இருந்தா அரையாண்டா, காலாண்டா மாத்திக்கலாம், பாலிசி ஆண்டு தேதியில எழுதிக் குடுத்தா செஞ்சு தருவாங்க, கொஞ்சம் கூட வரும் அவ்ளோதான். உங்க சொந்தக்கார ஏஜென்ட் இத ஏன் சொல்லலைன்னு எனக்கு தெரியல.

ஈரோட்டுக்காரன்

அவர்கிட்ட இன்னும் நிறுத்தற பேச்ச எடுக்கவே இல்ல அண்ணாச்சி, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்ப கூட வாய் வரல. அரையாண்டா மாத்தற வழி இருக்குன்னு தெரியாது, அத கேக்கறேன். அப்போ இப்போதைக்கு மேன்டேட்ட என்ன பண்றது? டேர்ம் அப்ளிகேஷன் போடறேன், அதுக்குள்ள டிசம்பர்ல அதுவா 25,000 எடுத்துட்டா?

பழைய_கேஷியர்

மேன்டேட்ட இப்பவே கேன்சல் பண்ணிடுங்க, பாலிசிய தொடாதீங்க. பிரீமியம் கட்டறதுன்னு முடிவானா கிரேஸுக்குள்ள கவுன்டர்லயோ ஆன்லைன்லயோ நீங்களே கட்டிக்கலாம், முழு வருஷமா, அரையாண்டான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம். எடுக்கறதும் விடறதும் உங்க கையில இருக்கும். கேன்சல் பண்ணதும் வர்ற எஸ்எம்எஸ்ஸையும் யூஎம்ஆர்என்னையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, மாசம் கழிச்சு எடுத்துட்டாங்கன்னா பேங்க்ல அத காட்டி திரும்ப கேக்கலாம். அந்த லோன் வட்டி எப்படி போகுது, அதுவும் ஆட்டோ டெபிட்டா? தனி மேன்டேட்டா இருந்தா பேர பாத்து கேன்சல் பண்ணுங்க, ரெண்டும் ஒரே கம்பெனி பேர்ல இருக்கும், தொகைய வெச்சுதான் அடையாளம் தெரியும்.

ஈரோட்டுக்காரன்

நல்ல வேளை கேட்டீங்க சார். இப்ப ஆப்ல பாத்தேன், அந்த பேர்ல ரெண்டு மேன்டேட் இருக்கு, ஒண்ணுல அதிகபட்ச தொகை 30,000, இன்னொண்ணுல 5,000. முதல் ஒண்ணுதான் பிரீமியம்னு நெனைக்கிறேன்.

பழைய_கேஷியர்

ஆமா, பிரீமியத்துக்கு வரிய சேத்து கொஞ்சம் தாராளமா லிமிட் போட்டிருப்பாங்க. போன வருஷ ஸ்டேட்மென்ட்ல டிசம்பர் டெபிட் வரியில அந்த நம்பரோட கடைசி எழுத்துக்கள் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு பண்ணுங்க.

குமார்_பைக்

வட்டிக்கணக்கு சார், எனக்கும் ஒரு சந்தேகம். நான் 2017ல எடுத்து 2021ல விட்ட பாலிசில லோன் எதுவும் இல்ல, ஆனா அட்ரஸ் மாத்தல, போன் நம்பரும் மாறிடுச்சு. அதுக்கு என்ன பண்ணணும்?

வட்டிக்கணக்கு

நாளைக்கே எந்த பிராஞ்சுக்காவது போய் போன் நம்பர், அட்ரஸ், பேங்க் விவரம், நாமினி நாலையும் மாத்துங்க. நாமினி கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதா?

குமார்_பைக்

ஆமா. அப்பா பேர். அவர் 2023ல தவறிட்டார்.